எல்லாவற்றுக்கும் ஆமாம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மடக்குக் கட்டில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அதை மடக்கிச் சுவரோரம் சாய்த்தால்தான் குளியலறைக் கதவு முழுசாகத் திறக்கும். மடக்க மறந்த நாளில் நானும் மனைவியும் பிள்ளைகள் இரண்டும் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து குளித்துவிட்டு வருவோம். இரண்டு வருஷமாக அந்தக் கட்டிலில் படுப்பவள் என் அக்கா.

அத்தான் இறந்தபிறகு வந்தாள். "ஒரு ரெண்டு மாசம்டா தம்பி, அதுக்குள்ள ஒரு வீடு பார்த்துக்கறேன்" என்றுதான் வந்தாள். ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் அரைநாள் வேலை அவளுக்கு. மாத வாடகை கட்டுமளவு வரும். முன்பணம்தான் எங்கே போனாலும் மலையாக நின்றது. ஹாலில் ஜன்னலும் கிடையாது. அவள் அங்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், தண்ணீர் குடிக்கப் போகிற நான் திருடன் மாதிரி நடக்க வேண்டும். என் மனைவி கெட்டவள் இல்லை. ஆனாலும் இரண்டு வருஷம் என்பது இரண்டு வருஷம். சமையலறையில் பாத்திரம் விழும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தை நான் சொல்லிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"டேய், வீடு கிடைச்சிடுச்சு! நம்ம பல் டாக்டர் மாடி. ரெண்டு ரூம். காத்து பிச்சுக்கிட்டு வருது. அடுத்த சனிக்கிழமை மதியத்துக்குள்ள முன்பணம் கொடுத்தா சாவி என் கையில. இல்லேன்னா ஒரு தையல்காரர் குடும்பம் காத்துக்கிட்டு இருக்காம், அவங்களுக்குப் போயிடும்."

"முன்பணம் எவ்வளவு அண்ணி?" என்று கேட்டாள் என் மனைவி. குரல் அடக்கமாகத்தான் இருந்தது, முகம்தான் இருபது வாட் கூடிவிட்டது.

அக்கா தொகையைச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவரோட லிஃப்ட் பங்கை வித்துடலாம்டா. அவரும் கோவிச்சுக்க மாட்டார்."

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் விதவிதமான லிஃப்ட்களுக்குள் தலைகீழாகத் தொங்கியவர். அதில் ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் லிஃப்ட் மீது மட்டும் அவருக்குக் காதல். "இதுல மாட்டிக்கிட்டவன்னு ஒருத்தனை நான் இறக்கினதே இல்ல மாப்ள" என்பார். போனஸ் வரும்போதெல்லாம் அந்தக் கம்பெனியில் ஐம்பதும் நூறுமாக வாங்கிச் சேர்த்தார். வாங்கிக் கொடுத்தது நான் வேலை பார்க்கும் பங்குத் தரகு அலுவலகம்தான். பத்தொன்பது வருஷமாக அங்கே பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். டிவிடெண்ட், போனஸ் பங்கு, ஓட்டெடுப்பு என்று கம்பெனிகள் என்ன அறிவித்தாலும் அதை வாடிக்கையாளர் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

"ஏங்க, கம்பெனி எங்கேயோ வெளிநாட்டுல இருக்கு. அதை இங்க உக்காந்துக்கிட்டு எப்படி விக்கிறது?" என்றாள் மனைவி.

வேலையைப் பற்றி வீட்டில் யாராவது கேட்டால் எனக்குக் கொம்பு முளைத்துவிடும். "பெரிய கடைக்குப் போனா வாசல்ல பையை வாங்கி வெச்சுக்கிட்டு டோக்கன் கொடுப்பான்ல? அந்த மாதிரிதான். நிஜப் பங்கு அந்த நாட்டு பாங்க் பெட்டகத்துல இருக்கும். அதை நம்பி இங்க ஒரு பாங்க் ரசீது கொடுக்கும். டெபாசிட்டரி ரசீதுன்னு பேரு. அந்த ரசீதுதான் நம்ம மார்க்கெட்ல, நம்ம காசுல, நம்ம நேரத்துல கைமாறும். டிவிடெண்ட் வந்தா அந்த பாங்க் அதை நம்ம காசா மாத்தி, அந்த நாட்டு வரியும் தன்னோட கட்டணமும் போக மீதியைத் தரும்."

"அப்போ அண்ணிகிட்ட ரெண்டாயிரத்து நானூறு பங்கு இருக்கு."

"ரெண்டாயிரத்து நானூறு ரசீது. அஞ்சு ரசீது சேர்ந்தாதான் ஒரு பங்கு. ஆக, நானூத்தி எண்பது பங்கு."

"அட, எடுத்த எடுப்புல அஞ்சுல ஒண்ணாக்கிட்டானே பாவி!" என்று அக்கா சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

"விலை அதே கணக்குலதான் இருக்கும், பயப்படாத. வித்தா மறுநாள் காசு. திங்கக்கிழமை ஒரு நாள் பொறு. செவ்வாய் காலைல வித்துடலாம்" என்றேன்.

திங்கட்கிழமை ஏன் பொறுக்க வேண்டும் என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே நான் மாட்டியிருப்பேன்.

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனிக்குத் திங்கட்கிழமை பங்குதாரர் கூட்டம். ரசீது வைத்திருப்பவர்களும் ஓட்டுப் போடலாம். ஓட்டுப் படிவம் எங்கள் அலுவலகத்துக்கு வரும், நாங்கள் ரசீது கொடுத்த பாங்குக்கு அனுப்புவோம், அது அந்த நாட்டுக்குப் போகும். ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுப் போட்டவன் கூட்டம் முடியும்வரை பங்கை விற்கக் கூடாது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, அங்கே உண்டு. ஓட்டு அனுப்பிய அன்றே அந்த ரசீதுகளைத் தனியாக ஒதுக்கி முடக்கிவிடுவார்கள். ஓட்டுப் போடாதவன் சுகமாக விற்கலாம், வாங்கலாம்.

அத்தான் இருந்தவரை ஒரு வருஷம் விடாமல் போன் செய்வார். "ஓட்டுச் சீட்டு வந்திருக்குமே மாப்ள? எல்லாத்துக்கும் ஆமாம் போட்டுடு" என்பார். அந்தக் கம்பெனி இயக்குநர்கள் யார், என்ன கேட்கிறார்கள், ஒரு மண்ணும் அவருக்குத் தெரியாது. கம்பெனி நம்மை ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறதே, அதற்காகவே ஆமாம். பிறகு ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் போனபிறகு ரசீதுகளை அக்கா பேருக்கு நான்தான் மாற்றினேன். அடுத்த ஓட்டுப் படிவம் அவள் பேரில் வந்தது. அவளிடம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று நானே போட்டு அனுப்பினேன். அத்தானுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். காலிப் படிவம் கோப்பில் கிடப்பது எனக்குப் பிடிக்காது என்பதும் உண்மைதான். இந்த வருஷமும் அப்படியே போட்டேன். காகிதத்தில் கையெழுத்துக் கட்டம் காலி.

இது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்! போன வருஷம் வேறொரு கிளையில் ஒருவர் வாடிக்கையாளர் கையெழுத்தில்லாமல் ஓட்டு அனுப்பினார். அன்று மாலையே அவரது மேசை காலி. அதைப் பற்றித் தலைமை அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கையை எங்கள் கிளையில் அறிவிப்புப் பலகையில் குத்தியவனே நான்தான்.

இருந்தாலும் கவலைப்படவில்லை. திங்களன்று கூட்டம் முடியும், முடக்கம் விலகும், செவ்வாயன்று விற்பேன், புதனன்று காசு, சனிக்கிழமை சாவி. யாருக்கும் எதுவும் தெரியவராது.

செவ்வாய் காலை கணினியைத் திறந்தேன். ரசீது பாங்கிடமிருந்து ஒரு தகவல் வந்திருந்தது. கூட்டத்துக்குப் போதுமான பங்குகள் வந்து சேரவில்லை. இயக்குநர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு பெரிய பங்குதாரர் ஒருவர் வராமல் இருந்துவிட்டார். ஆகவே கூட்டம் நடக்கவில்லை. இரண்டாவது அழைப்பு பதினெட்டு நாள் கழித்து. ஏற்கெனவே போட்ட ஓட்டுகள் அதற்கும் செல்லும். முடக்கம் அதுவரை தொடரும்.

ஆப்பை அசைத்த குரங்கின் கதைதான். யார் இதை அசைக்கச் சொன்னது?

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ஓட்டைத் திரும்பப் பெற விரும்புகிறவர்கள் இன்று மாலை நான்கு மணிக்குள் தெரிவித்தால் முடக்கம் நீக்கப்படும். உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. திரும்பப் பெறும் கடிதத்தை மேலாளர்தான் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பழைய படிவத்தையும் அவர் பார்த்து இணைக்க வேண்டும்.

ரசீதையே ரத்து செய்து அந்த நாட்டுப் பங்காக மாற்றி அங்கேயே விற்றால் என்ன என்று யோசித்தேன். அதற்கு அந்த நாட்டில் அவள் பேரில் ஒரு கணக்கு வேண்டும். கணக்கு இருந்தாலும் பயனில்லை. முடங்கிக் கிடப்பது ரசீது மட்டுமல்ல, அதற்குப் பின்னால் பெட்டகத்தில் இருக்கும் பங்கும்தான். கடன் வாங்கலாம் என்றால், என் சேமநிதியில் எடுக்க வேண்டியதையெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்காக எடுத்தாகிவிட்டது.

மேலாளர் அறை எங்கள் மாடிக்கு ஒரு மாடி மேலே. பதினொரு மணிக்கு லிஃப்டில் ஏறினேன். அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், கீழே வந்துவிட்டேன். ஒரு மணிக்குப் போனேன். சாப்பிடப் போயிருந்தார். சந்தோஷப்பட்டேன், வெட்கக்கேடு. திரையில் லிஃப்ட் கம்பெனியின் ரசீது விலை கூட்டம் நடக்காத செய்தியால் படி இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போடாத மற்ற வாடிக்கையாளர்கள் விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணி சுமாருக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அக்காவை இங்கே வரச் சொல்லி அந்தக் காலிக் கட்டத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால்? வீட்டுக்கு போன் செய்தேன். மனைவி எடுத்தாள்.

"அண்ணி பல் டாக்டர் மாடிக்குப் போயிருக்காங்க. ஜன்னல் அளக்கணுமாம், திரை தைக்க. போனை ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. கூப்பிட்டு வரட்டுமா?"

டாக்டர் வீடு அடுத்த தெருவில்தான். கூப்பிட்டு வந்திருக்கலாம். நான் போய் அழைத்து வந்தால்கூட முக்கால் மணிக்குள் முடிந்திருக்கும். ஆனால் அவளிடம் என்ன சொல்வது? உன் புருஷன் சொத்தில் உன்னைக் கேட்காமல் கைவைத்தேன் என்றா?

"வேண்டாம், சும்மாதான் பண்ணேன்" என்று வைத்துவிட்டேன். வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. நான்கு மணி அடித்தது.

அன்று மாலை வீட்டில் அக்கா ஒரு நீலத் துணியை விரித்து வைத்திருந்தாள். "நாலரை அடிடா ஒவ்வொரு ஜன்னலும்! ஒண்ணுல நின்னா தெருக்கோடி வரைக்கும் தெரியுது. இன்னைக்கு வித்தாச்சா?"

"மார்க்கெட் கொஞ்சம் இறங்கியிருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் பூசணித் தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அன்றைக்கு உட்கார்ந்து அக்காவுக்குத் திரையை ஓரம் மடித்துக் கொடுத்தாள். இருவரும் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை பதினோரு மணி. எங்கள் முன்கூடத்தில் வாடிக்கையாளர்களுக்கு விற்று வாங்கிக் கொடுக்கும் டீலர் பெண் என்னை உள்போனில் கூப்பிட்டாள். "அண்ணா, உங்க அக்கா ரசீதை விக்க வந்திருக்காங்க. ஒரு சின்னச் சிக்கல். வாங்களேன்."

போவதற்குள் சிக்கல் பெரிதாகிவிட்டது. அக்காவின் குரல் நூலகத்தில் பிள்ளைகளை அடக்கும் குரல், கூடம் முழுக்கக் கேட்டது.

"ஓட்டா? நான் எங்கம்மா ஓட்டுப் போட்டேன்? எனக்கு அந்த டோக்கனுக்கு ஓட்டு இருக்குன்னே தெரியாதே!"

"இருக்கும்மா. பாருங்க, ரெண்டாயிரத்து நானூறும் முடக்கத்துல இருக்கு. எல்லாத்துக்கும் ஆமாம்னு போட்டிருக்கீங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள் அந்தப் பெண்.

அத்தான் வருஷாவருஷம் வீட்டிலிருந்து எனக்கு போனில் சொன்ன எல்லாத்துக்கும் ஆமாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா சட்டென்று நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பினாள். வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பின்னால் மேலாளரும் வந்து நின்றுகொண்டிருந்தார்.

மேலாளர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம். எங்கள் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்து, கோப்பை வரவழைத்து, படிவத்தை எடுத்துப் பார்த்தார். காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு ரசீது பாங்குக்கு போன் செய்து நீளமாகப் பேசினார். வைத்துவிட்டு, ஒரு கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து அச்சடித்து, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. ஓட்டைத் திரும்பப் பெறற நேரம் நேத்து நாலு மணியோட முடிஞ்சுபோச்சு. நீங்க போட்ட ஓட்டுன்னா இனிமே யாராலயும் எடுக்க முடியாது, கூட்டம் முடியற வரைக்கும் பொறுக்கணும். ஆனா இது நீங்க போடாத ஓட்டுன்னா கதை வேற. 'இந்த உத்தரவை நான் கொடுக்கவே இல்லை'ன்னு இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க. நான் இப்பவே அனுப்பறேன். செல்லாத ஓட்டுன்னு எடுத்துடுவாங்க. நாளைக்குக் காலைல முடக்கம் போயிடும்னு சொல்றாங்க. நாளைக்கே வித்தா வெள்ளிக்கிழமை காசு."

"சனிக்கிழமை மதியம்தான் கெடு" என்றாள் அக்கா.

"அப்போ தாராளமா ஆகும்."

அக்கா பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கேட்டாள். "நான் இதுல கையெழுத்துப் போட்டா இவனுக்கு என்ன ஆகும்?"

மேலாளர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். "என் கையில எதுவும் இல்லம்மா. வாடிக்கையாளர் பேர்ல அவங்க சொல்லாம ஓட்டுப் போட்டது. கடிதம் தலைமை அலுவலகத்துக்கும் போயாகணும். நாளைலேர்ந்து வர வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. இந்தத் தொழில்ல வேற இடமும் கிடைக்காது."

அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் சொல்லியிருக்க வேண்டும். "போடுக்கா, தப்பு என்னுது, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல வாய் திறந்தேன். பிள்ளைகள் இரண்டின் முகமும், வீட்டுக் கடன் தவணையும், ஐம்பதை நெருங்கும் என் வயசும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டன. வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். சின்ன வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பா முன்னால் நான் இப்படித்தான் நின்றேனாம்.

"சார்," என்றாள் அக்கா, "போன வாரம் இவன் என்கிட்ட வீட்டுல கேட்டான். ஓட்டுச் சீட்டு வந்திருக்கு, என்ன போடட்டும்னு. எங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரியே எல்லாத்துக்கும் ஆமாம் போட்டுடுடான்னேன். முடக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்போ ஞாபகம் வருது."

"வெளியில ஓட்டே இருக்குன்னு தெரியாதுன்னு சொன்னீங்களேம்மா."

"வயசாச்சுல்ல சார். மறந்துட்டேன்." ஐம்பத்தி நான்கு வயசு அவளுக்கு. பள்ளிக்கூட நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "நான் சொல்லித்தான் போட்டான். கையெழுத்து வாங்கத்தான் மறந்துட்டான், மறதிக்காரன். இன்னைக்குத் தேதி போட்டே கையெழுத்துப் போடறேன், பொய் எழுத வேண்டாம்."

படிவத்தை இழுத்து, காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். கீழே அன்றைய தேதி. கடிதத்தை எடுத்து நான்காக மடித்து மேலாளர் பக்கம் தள்ளினாள்.

"இதுக்கு என்ன தண்டனை சார்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்தைத் தாமதமா வாங்கினதுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நல்லா யோசிச்சீங்களா? இனிமே நீங்களே நினைச்சாலும் பதினேழு நாளைக்கு ஒரு ரசீதைக்கூட வெளியில எடுக்க முடியாது."

"ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு, பதினேழு நாள் என்ன" என்று எழுந்தாள். சனிக்கிழமைக் கெடு அந்தப் பதினேழு நாளைக்குப் பொறுக்காது என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். அந்த வாடகைக்கும் அந்த முன்பணத்துக்கும் இன்னொரு வீடு அகப்படாமல்தான் இரண்டு வருஷம் ஓடியது. பதினேழு நாளில் விலை எங்கே நிற்குமோ, அதுவும் தெரியாது.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். மட்டமான லிஃப்ட், அத்தான் இதைப் பார்த்தால் காறித் துப்புவார். "அக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சீ, கண்ணைத் துடை. கதவு திறந்தா ஆள் பார்ப்பாங்க." அவள் கதவுக்கு மேலே மாறும் எண்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கணும்னு இருக்கு. நேத்தே வந்து சொல்லித் தொலைச்சிருந்தா என்னடா? உனக்கு நான் யாரு?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் பயமா இருக்கு, அந்த ஹாலுக்குத் திரும்பிப் போக." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நீ வேலை இல்லாம உக்காந்தா அப்புறம் ஹாலும் இல்ல, கட்டிலும் இல்ல. எல்லாரும் சேர்ந்து தெருவுலதான். இதுல எனக்கு என்ன பெரிய தியாகம்? கணக்குதான். இன்னொண்ணு. இது உன் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது. வேலையில இப்படி ஒரு தப்பு பண்ணவன்னு தெரிஞ்சா அவ ஒரு நாள்கூட நிம்மதியாத் தூங்க மாட்டா. நான் ஏதாவது சொல்லிக்கறேன். அவ என்னைப் பத்தி என்ன சொன்னாலும் நீ எல்லாத்துக்கும் ஆமாம் போட்டுடு."

கதவு திறந்தது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக நடந்து போனாள்.

வீட்டில் அவள் சொன்ன காரணம், மாடி ஜன்னல்கள் ரொம்பப் பெரிசு, மழை உள்ளே அடிக்கும், மூட்டு வலிக்கு ஆகாது என்பது. என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை முழுக்கப் பாத்திரங்கள் பேசின.

சனிக்கிழமை மதியம் தையல்காரர் குடும்பத்தின் வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போனது. மேலே இரண்டு தையல் மெஷினும் ஒரு பீரோவும். அக்கா வாசலில் நின்று பார்த்தாள், பிறகு உள்ளே வந்து ஸ்டூல் போட்டு ஏறினாள். ஹாலின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, நீலத் திரையைத் தொங்கவிட்டுக் கட்டிலை மறைத்தாள். நாலரை அடி ஜன்னலுக்குத் தைத்த திரை ஹாலுக்கு எட்டவில்லை. கீழே நிறைய இடைவெளி. அவள் கட்டிலில் உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரிந்தது.

நான் சமையலறைக்குள் போனேன். மனைவி சிங்க் முன்னால் நின்றிருந்தாள். திரும்பவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

"அங்க ஜன்னல் பெரிசாம், ஆகாதாம். இங்க ஜன்னலே இல்ல, இது ஆகுதாம்! ராத்திரி உக்காந்து ஓரம் அடிச்சுக் கொடுத்தேனே, என்னைச் சொல்லணும். உண்மையைச் சொல்லுங்க, உங்க அக்காவுக்கு நம்மளை விட்டுப் போற எண்ணமே கிடையாது. ஒட்டிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். ஆமாவா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்க."

சமையலறையிலிருந்து பார்த்தால் திரைக்குக் கீழே அக்காவின் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அசையாமல் இருந்தன. அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கொண்டிருந்தது. என் பதிலும் கேட்கும்.

"ஆமாம்" என்றேன்.